ஒலியே இல்லாத எழுத்துக்கு என்ன வேலை? ரஷ்ய மொழியின் ь, ъ பற்றி

ரஷ்ய மொழி கற்கப் போன புதிதில் ஒரு நாள் வீட்டுக்காரப் பாட்டிக்குப் போன் போட்டு, பஸ் ஏறிவிட்டேன், அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை, அப்புறம் ஒரே சிரிப்பு. "பஸ்ஸைத் தின்னுட்டியா? அப்போ நான் வச்ச சூப் யாருக்கு?"

நான் சொல்ல நினைத்தது сел. 'உட்கார்ந்தேன்' என்று பொருள், பஸ் ஏறுவதையும் ரஷ்யர்கள் இப்படித்தான் சொல்வார்கள். என் வாயிலிருந்து வந்ததோ съел, அதாவது 'தின்றேன்'. எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் நடுவில் இருக்கும் ஒரே ஒரு ъ. அந்த ъ-க்கு ஒலியே கிடையாது என்று வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். ஒலி இல்லாத எழுத்தை எதற்குக் கவனிப்பது என்று நானும் விட்டுவிட்டேன்.

ரஷ்ய எழுத்துகள் 33. அதில் இரண்டுக்கு ஒலி இல்லை: ь, அதாவது மென்மைக் குறி, ъ, அதாவது கடினக் குறி. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டாவதற்கு இடது பக்கம் ஒரு சின்னக் கொடி. இவற்றுக்குச் சொந்த ஒலி இல்லை என்பது உண்மைதான். ஆனால் முன்னால் நிற்கும் எழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும், பின்னால் வரும் எழுத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்பதை இவைதான் சொல்கின்றன. இது புரிய வேண்டுமென்றால் முதலில் 'மென்மையான மெய்' என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். நம் இலக்கணத்தின் வல்லினம் மெல்லினத்தை இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள், அது வேறு கணக்கு.

ரஷ்ய மொழியில் பெரும்பாலான மெய்கள் இரட்டையாக இருக்கும். т ஒன்று கடினமானது, இன்னொன்று மென்மையானது. л, н, с, р என்று எல்லாவற்றுக்கும் அப்படியே. மென்மையானதைச் சொல்லும்போது அந்த மெய்க்குரிய வேலையை நாக்கு எப்போதும்போலச் செய்கிறது, ஆனால் அதே நேரத்தில் நாக்கின் நடுப்பகுதி இ சொல்லும்போது எழும்புவதுபோல் மேலண்ணத்தை நோக்கி எழும்புகிறது. 'அதே நேரத்தில்' என்பதுதான் முக்கியம். முதலில் மெய், அப்புறம் ய் என்று வரிசையாக வந்தால் அது மென்மெய் இல்லை. நான் பஸ்ஸைத் தின்ற கதை இதுதான்: сел-இல் வரும் மென்மையான с-ஐ 'ஸ்ய்' என்று பிரித்துச் சொன்னேன், அந்தப் பிரித்த ய்தான் съел-இன் அடையாளம். பாட்டியின் காது சரியாகத்தான் கேட்டது.

நமக்கு ஒரு வசதி உண்டு. மென்மையான н கிட்டத்தட்ட நம் ஞ் தான். конь, குதிரை, 'கோஞ்' என்று சொல்லி, ஞ்-க்குப் பின்னால் எந்த உயிரும் ஒட்டாமல் நிறுத்திப் பாருங்கள், ஏறக்குறைய வந்துவிடும். 'ன்' சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறது, 'ஞ்' சொல்லும்போது எங்கே போகிறது என்று இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் சொன்னால் மற்ற மென்மெய்களுக்கும் வழி கிடைக்கும். அதே நகர்வை ல்-இல் செய்தால் ль. இ சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டே 'ல்' சொல்வது என்றும் வைத்துக்கொள்ளலாம். கடினமான л அதற்கு நேர் எதிர், நாக்கின் பின்பகுதி உயர்ந்து ஒலி கனத்துக் கேட்கும். நம் ஆட்கள் பலர் அதை 'ள்' என்று சொல்லிச் சமாளிப்பார்கள், நானும் செய்தேன். ள்-இல் நாக்கின் நுனி மேலே மடங்கும், ரஷ்ய л-இல் நுனி பல்லருகேதான் இருக்கும். அதனால் அது சரியான மாற்று இல்லை. நம் சாதாரண ல் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பதால்தான் угол (மூலை), уголь (கரி) இரண்டும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன.

ть-தான் நம்மைப் படாதபாடு படுத்தும். брат என்றால் சகோதரன், брать என்றால் எடுத்தல். நாம் இரண்டாவதை 'ப்ராத்தி' என்று சொல்லிவிடுவோம், தமிழ்க் காதுக்கு அந்த மென்மை ஒரு குட்டி இகரம்போலத்தான் கேட்கிறது. உண்மையில் அங்கே உயிர் இல்லை. நாக்கு பல்லில் ஒட்டி, நடுப்பகுதி எழும்பி, விடுபடும்போது மெல்லிய 'ஸ்' போன்ற சீறல் ஒன்று கசியும், அவ்வளவுதான். நீங்கள் சரியாகச் சொல்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இரண்டு சொற்களையும் போனில் பதிவு செய்து, கடைசி மெய்யை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கும் а-வின் முடிவை மட்டும் கேளுங்கள். ரஷ்யர் சொல்லும் брать-இல் அந்த а முடியும்போது இ பக்கம் லேசாகச் சாயும், брат-இல் சாயாது. உங்கள் பதிவில் இரண்டு а-வும் ஒரே மாதிரி இருந்து, கடைசியில் மட்டும் 'தி' ஒட்டியிருந்தால் நீங்கள் மென்மெய் சொல்லவில்லை, கூடுதலாக ஓர் உயிரைச் சேர்த்திருக்கிறீர்கள்.

இந்த மென்மையாக்கம் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. படித்து என்பது பேச்சில் படிச்சு ஆகிறது, அடித்தான் அடிச்சான் ஆகிறது, ஐந்து அஞ்சு ஆகிறது. முன்னால் இருக்கும் இகர ஐகாரத்தின் இழுப்பில் நாக்கு அண்ணத்துக்குப் போய், த் ச் ஆகிவிட்டது. நாம் பயணத்தை முடித்து வேறு எழுத்துக்கே போய்விட்டோம். ரஷ்ய т பாதி வழியில், т ஆக இருந்துகொண்டே மென்மையாக நிற்கிறது.

சரி, இப்போது எழுத்து. இரட்டை மெய்கள் சுமார் 15 இணைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வைத்தால் நெடுங்கணக்கு நீண்டுவிடும். ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துமுறை அதைச் செய்யவில்லை. மெய்யெழுத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, மென்மையா கடினமா என்ற தகவலை அடுத்த எழுத்தில் போட்டுவிட்டது. உயிர்களை இரண்டு வரிசையாகப் பாருங்கள்: а, о, у, э, ы ஒரு பக்கம், я, ё, ю, е, и மறுபக்கம். முதல் வரிசை வந்தால் முன்னால் இருக்கும் மெய் கடினம், இரண்டாம் வரிசை வந்தால் மென்மை. нос என்றால் மூக்கு, нёс என்றால் சுமந்தான். இரண்டிலும் உயிர் ஓ தான், மாறியது н. лук வெங்காயம், люк தரையில் இருக்கும் மூடி. இங்கே மாறியது л. я-வை 'யா' என்று மனப்பாடம் செய்துகொண்டு ряд (வரிசை) என்பதை 'ர்யாத்' என்று படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். மெய்க்குப் பின்னால் வரும் я-வில் ய் இல்லை. அங்கே அது 'முன்னால் இருப்பவனை மென்மையாக்கு, பிறகு ஆ சொல்' என்ற கட்டளை மட்டும்தான். சொல்லின் தொடக்கத்திலும் இன்னொரு உயிருக்குப் பின்னாலும்தான் я என்பது 'யா'.

அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டு இந்த எழுத்தைச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? பகல், பங்கு இரண்டிலும் ஒரே க தான், முதலாவதில் ஒரு மாதிரி, இரண்டாவதில் வேறு மாதிரி சொல்கிறோம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் படிக்கிறோம், யோசிப்பதுகூட இல்லை.

மெய்க்குப் பின்னால் உயிரே இல்லையென்றால் மென்மையை எப்படிக் காட்டுவது? அங்கேதான் ь வருகிறது. சொல்லின் கடைசியில், அல்லது இன்னொரு மெய்க்கு முன்னால். полка அலமாரித் தட்டு, полька ஒரு நடனம். ரஷ்ய மாதப் பெயர்களில் 12-க்கு 9 இப்படித்தான் முடிகின்றன. Март, май, август மூன்றும்தான் விதிவிலக்கு. எண்களில் இன்னும் வேடிக்கை: 5 முதல் 20 வரைக்கும் 30-க்கும் ь கடைசியில் வரும் (пять, двадцать), 50 முதல் 80 வரையான பத்துகளுக்கு அது நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும் (пятьдесят).

இனி என் பஸ் விவகாரம். மெய்க்குப் பின்னால் வரும் я, е, ё, ю ய் இழந்துவிடுகின்றன என்றேன். ஒருவேளை அந்த ய் உண்மையிலேயே அங்கே ஒலிக்க வேண்டும் என்றால்? நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். Коля என்பது ஓர் ஆணின் செல்லப்பெயர். மென்மையான л, உடனே அ. колья என்றால் முளைக்கம்புகள். மென்மையான л, அப்புறம் தெளிவான ய், அப்புறம் அ. полёт பறத்தல், польёт ஊற்றுவான். семья, குடும்பம், என்ற சொல்லில் இருக்கும் ь-ஐ விழுங்கிவிட்டால் семя, விதை, பக்கம் போய்விடுவீர்கள் (அழுத்தம் மாறுவதால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்). ஆக ь-க்கு இரண்டு வேலை, மென்மையாக்குவது ஒன்று, ய்-ஐக் காப்பாற்றுவது இன்னொன்று.

ъ-க்கு இன்று ஒரே வேலைதான், அந்தத் தடுப்பு வேலை. அதுவும் குறிப்பிட்ட இடத்தில் மட்டும்: மெய்யில் முடியும் முன்னொட்டுக்கும் е, ё, ю, я-வில் தொடங்கும் பகுதிக்கும் நடுவில். с- என்ற முன்னொட்டும் ел (சாப்பிட்டான்) என்ற சொல்லும் சேர்ந்தால் съел. под- சேர்ந்தால் подъезд, அடுக்குமாடி வீட்டின் வாசல். объект போன்ற இரவல் சொற்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. அதனால் ஒரு சொல்லில் ъ கண்ணில் பட்டதும் 'இங்கே முன்னொட்டு முடிகிறது' என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம், தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்கப் பல நேரம் இதுவே போதும். பெயர்தான் கடினக் குறி. பேச்சில் съел-இன் с-ஐப் பல ரஷ்யர்கள் மென்மையாகவே சொல்வார்கள், யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை. ய் கேட்க வேண்டும், அதுதான் விஷயம்.

இந்த இரண்டும் ஒரு காலத்தில் உயிரெழுத்துகள் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது, தெரிந்ததும் நேராக நம் இலக்கணத்துக்குத்தான் மனசு போனது. பழைய ஸ்லாவிய மொழியில் ъ மிகக் குறுகிய உகரம் மாதிரி, ь மிகக் குறுகிய இகரம் மாதிரி. குற்றியலுகரம், குற்றியலிகரம்! நம் குற்றியலுகரம் அரை மாத்திரையில் இன்றும் உயிரோடிருக்கிறது. அவர்களுடையது ஏறக்குறைய 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் போய்விட்டது. சில இடங்களில் முழு உயிராக வளர்ந்தது, சில இடங்களில் மறைந்தது. பழைய дьнь என்ற சொல்லில் முதல் ь வளர்ந்து е ஆனது, கடைசி ь மறைந்தது, ஆனால் மறையும்போது н-ஐ மென்மையாக்கிவிட்டுப் போனது. இன்றைய день, நாள், அப்படி வந்தது. 'நாளின்' என்று வேற்றுமை ஏற்றும்போது அந்த е காணாமல் போய் дня ஆகிறதே என்று கற்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அங்கே பழைய ь வளரவே இல்லை, மறைந்துவிட்டது, அவ்வளவுதான். сон (தூக்கம்), сна (தூக்கத்தின்) என்பதிலும் இதே கதை, ъ-இன் கதை.

மறைந்த பிறகும் எழுத்து விடவில்லை. மெய்யில் முடியும் எல்லாச் சொல்லுக்கும் கடினம் என்றால் கடைசியில் ъ போட்டே ஆக வேண்டும் என்ற வழக்கம் நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்தது: домъ, братъ. ஒலியும் இல்லை, தேவையும் இல்லை, மை மட்டும் செலவு. 1918 எழுத்துச் சீர்திருத்தம் அதைத் தூக்கியது. ь நிற்குமிடத்தில் மென்மை, எதுவும் இல்லாத இடத்தில் கடினம் என்று ஆனபின் கடைசி ъ எதற்கு? சொல்லின் நடுவில் வரும் ъ-ஐ யாரும் ஒழிக்கவில்லை. ஆனால் அச்சகங்களில் ъ அச்சுகளையே மொத்தமாக அப்புறப்படுத்திவிட்டதால், கொஞ்ச காலம் об'ект என்று மேற்கோள் குறி போட்டுச் சமாளித்தார்கள். உக்ரேனிய மொழியில் இன்றும் ъ இல்லை, அந்த வேலையை மேற்கோள் குறிதான் செய்கிறது. பல்கேரிய மொழியிலோ ъ முழு உயிரெழுத்து, நாட்டின் பெயரிலேயே இருக்கிறது: България. ரஷ்ய மொழி படித்துவிட்டு சோபியாவில் பெயர்ப்பலகை வாசித்தால் முதல் சொல்லிலேயே தடுக்கும்.

இப்போது நம் சொல் ஒன்றையே எடுத்துப் படித்துப் பார்ப்போம். தமிழர் ஒருவர் ரஷ்ய மொழியில் тамил. தமிழ் மொழி тамильский язык. முதல் சொல்லில் ь இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. тамильский-ஐ எழுத்தெழுத்தாகப் பாருங்கள். т-க்குப் பின்னால் а, ஆகவே கடினம். м-க்குப் பின்னால் и, ஆகவே மென்மை. л-க்குப் பின்னால் ь, மென்மை. с-க்குப் பின்னால் க் ஒலி வருகிறது, குறி எதுவும் இல்லை, கடினம். к-க்குப் பின்னால் и, மென்மை. கடைசி й எப்போதுமே மென்மை, அது ய் தானே. அழுத்தம் 'மி' மேல். ஓர் எழுத்தையும் ஊகிக்கத் தேவைப்படவில்லை.

அந்த л திடீரென ஏன் மென்மையானது? -ск- என்ற ஒட்டு வந்தால் முன்னால் இருக்கும் л மென்மையாகிவிடும், Урал уральский ஆவதும் бенгальский என்று வங்காளத்தைச் சொல்வதும் அதனால்தான். மற்ற மெய்கள் பொதுவாக இப்படி அசைவதில்லை, Иран வெறுமனே иранский ஆகிறது. நம் ழ-வை அவர்களால் எழுத முடியாது, அது போகட்டும். எழுதியதை வைத்து அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது நமக்கு அப்படியே தெரிகிறது. எதிர்த்திசையில் பாருங்கள்: Казань என்ற ஊரை நாம் கசான் என்று எழுதுகிறோம், கடைசி нь காற்றில் போகிறது. Горький-இன் மென்மையான р-ஐ நம் கார்க்கியில் தேடினால் கிடைக்காது.

இந்த நேர்மைக்கு எல்லை உண்டு. ж, ш, ц மூன்றும் எப்போதும் கடினம். Ч, щ எப்போதும் மென்மை. அடுத்த எழுத்து எதுவானாலும் இவை மசியாது. ஆகவே жить என்று எழுதினாலும் и-ஐ ы மாதிரிதான் சொல்ல வேண்டும். ரஷ்யக் குழந்தைகள் முதல் வகுப்பில் "жи, ши-ஐ и போட்டு எழுது" என்று எதுகையோடு மனப்பாடம் செய்வதே காதை நம்பினால் தப்பாகிவிடும் என்பதால்தான். இந்த எழுத்துகளுக்குப் பின்னால் வரும் ь உச்சரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. мышь, சுண்டெலி, கடினமான ш-இல்தான் முடிகிறது. அந்த ь அது பெண்பால் என்று சொல்கிறது. нож, கத்தி, ஆண்பால், ஆகவே ь இல்லை. வினையில் வந்தால் வேறு இலக்கணச் சேதி. учится என்றால் 'படிக்கிறான்', учиться என்றால் 'படிப்பது', இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ரஷ்யர்களே இதில் அடிக்கடி பிழை விடுவார்கள், ஒருவரை ஒருவர் இதற்காகத் திட்டிக்கொள்வதும் உண்டு.

எழுத்து நம்மை ஏமாற்றும் இன்னோர் இடம் е வரும் இரவல் சொற்கள். விதிப்படி е-க்கு முன்னால் மெய் மென்மையாக வேண்டும். ஆனால் кафе-இல் ф கடினம், тест-இல் முதல் т கடினம். компьютер என்ற ஒரு சொல்லை எடுத்தால் இரண்டும் தெரியும். நடுவில் пью: ь போட்டு 'இங்கே ய் உண்டு' என்று எழுத்து தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இரண்டு எழுத்து தள்ளி тер: பார்த்தால் மென்மையான т போல இருக்கும், சொல்வது கடினமாக, 'தெர்' என்று. அதைச் சொல்ல எழுத்தில் ஒன்றுமே இல்லை, அகராதியில்தான் சொல்லுக்குப் பக்கத்தில் [тэ] என்று தனியாகப் போட்டிருப்பார்கள்.